கடனோடு வந்த வீடு

திருச்சியில் ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். தனியார் நிறுவனத்தில் வேலை பார்த்த குடும்பத் தலைவர் 2021 ஏப்ரலில் 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் வாங்கி, கருமண்டபம் பக்கம் வீடு வாங்கினார். 20 வருடக் கடன், 7 சதவீத வட்டி, மாதத் தவணை 23,259 ரூபாய். பத்திரம் அவர் பெயரில். கடனும் அவர் பெயரில் மட்டுமே. ஐந்து வருடம் தவணை தவறவில்லை. திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். வீட்டில் மனைவி, கல்லூரியில் படிக்கும் 19 வயது மகன், 15 வயது மகள், எழுபதைத் தாண்டிய தாயார்.

காரியம் முடிந்த கையோடு மனைவி அவருடைய வங்கிக்குப் போய்த் தகவல் சொல்கிறார். சேமிப்புக் கணக்கு நிறுத்தப்படுகிறது. அடுத்த மாதம் ஐந்தாம் தேதி அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டிய தவணை திரும்பிப்போகிறது. இறந்தவரின் செல்போனுக்கு குறுஞ்செய்தி வருகிறது. மறுநாள் கிளையிலிருந்து அழைப்பு. போனால், ஒரு தாளை நகர்த்தி வைத்து, “ஃபார்மாலிட்டிதாம்மா, இந்த இடத்துல ஒரு கையெழுத்து போட்டுடுங்க, கடனை உங்க பேருக்கு மாத்திடலாம்” என்கிறார்கள்.

இந்த இடத்தில் நிற்க வேண்டும். அந்தக் கையெழுத்துக்கு முன்னால் இந்தப் பெண்ணின் நிலை ஒன்று, போட்ட பிறகு முற்றிலும் வேறு. கிளையில் இருப்பவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக இருக்க வேண்டியதில்லை. கணக்கு ஒழுங்காக ஓட வேண்டும் என்பது அவர் கவலை. ஆனால் குடும்பத்தின் கவலை வேறு. அதைக் குடும்பம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடன் வாங்கியவர் இறந்தால் கடன் ரத்தாகிவிடாது. வீட்டின் மூலப்பத்திரங்கள் வங்கியில் அடமானமாக இருக்கின்றன. தமிழ்நாட்டில் அந்த அடமானம் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவாகியிருக்கும். வங்கியில் அதை எம்.ஓ.டி. என்பார்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் கடன் தொகையோடு அந்தப் பதிவு தெரியும். வீடு யார் கைக்குப் போனாலும் அந்த அடமானம் கூடவே போகும். உயில் எழுதி ஒருவருக்கே வீட்டைக் கொடுத்திருந்தாலும், வாங்கிக்கொள்பவர் அடமானத்தோடுதான் வாங்கிக்கொள்கிறார்.

ஆனால் வாரிசு தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து அந்தக் கடனை அடைத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இறந்தவரிடமிருந்து வாரிசின் கைக்கு என்ன சொத்து வந்ததோ, அந்த அளவுக்குத்தான் அவருடைய கடனுக்குப் பொறுப்பு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இது தெளிவாக இருக்கிறது. அப்பன் கடனைப் பிள்ளை தீர்த்தாக வேண்டும் என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டையும் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. அந்தத் திருத்தத்துக்குப் பிறகு வாங்கிய கடனுக்காக, மகன் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி எந்த நீதிமன்றமும் அவன் மேல் பொறுப்பைச் சுமத்த முடியாது. வீட்டை விற்றும் கடன் முழுவதும் அடையவில்லை என்றால், மனைவியின் சொந்த நகையையோ மகனின் நாளைய சம்பளத்தையோ வங்கி தொட முடியாது. ஆனால் இறந்தவர் வேறு மனை, வைப்புத்தொகை என்று விட்டுப்போயிருந்தால் அவை கணக்கில் வரும். அதே வங்கியில் அவர் பெயரில் இருக்கும் பணத்தையும் கடனுக்கு ஈடுசெய்துகொள்ள வங்கி முன்வரலாம்.

கையெழுத்து முக்கியமாவது இதனால்தான். “கடனை உங்க பேருக்கு மாத்திடலாம்” என்ற தாளில் கையெழுத்திட்டால் மனைவி புதிய கடன்தாரர் ஆகிவிடுகிறார். வீட்டின் மேல் மட்டும் இருந்த கடன் அவர் தலைமேலும் ஏறிக்கொள்கிறது. பின்னால் தவணை தவறினால் அவருடைய சம்பளம், சேமிப்பு, சிபில் மதிப்பெண் எல்லாமே பாதிக்கப்படும். கையெழுத்தே போடக் கூடாது என்று சொல்ல வரவில்லை. வீட்டைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டுமானால் ஒரு கட்டத்தில் யாராவது ஒருவர் போட்டுத்தான் ஆக வேண்டும். மீதி எவ்வளவு, காப்பீடு உண்டா, வாரிசுகள் யார் யார் என்ற மூன்றும் தெரிந்த பிறகு அதைப் போடலாம். “படிச்சுப் பார்த்துட்டு வர்றேங்க சார், ஒரு நகல் குடுங்க” என்று சொல்லித் தாளை வீட்டுக்கு எடுத்து வருவதில் தவறு எதுவும் இல்லை.

ஏற்கெனவே இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பல வங்கிகள் கணவன் மனைவி இருவரையும் சேர்த்துத்தான் கடன் கொடுக்கின்றன. மனைவி இணைக் கடன்தாரராக இருந்தால், கணவன் இறந்த அன்று மிச்சமிருந்த முழுத் தொகைக்கும் அவர் பொறுப்பு. பாதிக்கு மட்டும் அல்ல. ஜாமீன் போட்ட மைத்துனர் இருந்தால் அவருக்கும் பொறுப்பு உண்டு. அதனால் முதல் வேலை, கடன் ஒப்பந்தத்தின் நகலை வாங்கி, எந்தெந்தப் பெயர் எந்த இடத்தில் கையெழுத்திட்டிருக்கிறது என்று பார்ப்பது.

அடுத்தது காப்பீடு. இதில் தமிழ்க் குடும்பங்கள் இழக்கும் பணம் மிக அதிகம் என்பது என் எண்ணம். காப்பீடு இருந்தும், இருப்பதே தெரியாமல் போவதுதான் காரணம்.

வீட்டுக்கடன் கொடுக்கும்போது பெரும்பாலும் கடன் பாதுகாப்புக் காப்பீடு ஒன்றையும் சேர்த்தே விற்கிறார்கள். கடன்காரர் இறந்தால் கடன் பாக்கியைக் காப்பீட்டு நிறுவனம் வங்கிக்குச் செலுத்தும். இதன் பிரீமியத்தை மாதாமாதம் கட்டுவது குறைவு. ஒரே தொகையாக எடுத்துக் கடனோடு சேர்த்துவிடுவதுதான் வழக்கம். வாங்கியவர் அன்றைக்கு நூறு கையெழுத்துக்கு நடுவில் இதற்கும் கையெழுத்துப் போட்டிருப்பார். வீட்டில் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கே நினைவிருக்குமா என்பது சந்தேகம். தவணை போய்க்கொண்டே இருப்பதால் தனியாகப் பிரீமியம் ரசீது எதுவும் வீட்டுக்கு வராது.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு தாள் போதும். ஒன்று, கடன் அனுமதிக் கடிதம். அதில் காப்பீட்டுப் பிரீமியம் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 30 லட்சம் கேட்டவருக்கு 30,90,000 என்று ஓர் இடுக்கான தொகை அனுமதியாகியிருந்தால், அந்த மிச்சம் பெரும்பாலும் பிரீமியம்தான். இரண்டாவது, கடன் கணக்கின் தொடக்கம் முதலான அறிக்கை. கடைசி ஆறு மாதத்துக்கு மட்டும் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். முதல் பக்கம்தான் வேண்டும். கடன் தொகை வெளியேறிய அதே வாரத்தில் வீட்டை விற்றவருக்குப் போன பெரிய தொகைக்குக் கீழே, காப்பீட்டு நிறுவனத்தின் பெயரில் சிறிய தொகை ஒன்று போயிருக்கும். அவருடைய சம்பளக் கணக்கிலும் அந்த மாதத்தைப் பார்க்க வேண்டும். அங்கே தென்படுவது கட்டடத்துக்கான தீ விபத்துக் காப்பீடாகவும் இருக்கலாம். அது உயிருக்கு உதவாது. எந்தப் பாலிசி என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு, காப்பீட்டுச் சான்றின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள்.

காப்பீடு இருக்கிறது என்றதும் கடன் முழுவதும் அடைந்துவிடும் என்று நினைத்துவிடுகிறோம். நம் திருச்சிக் குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அது ஏன் எப்போதும் நடப்பதில்லை என்று தெரியும்.

இந்தக் காப்பீடு பெரும்பாலும் குறைந்துகொண்டே வரும் வகை. கடன் வாங்கிய அன்றைக்கு என்ன வட்டியோ, அதை வைத்து இத்தனையாவது மாதம் பாக்கி இவ்வளவு இருக்கும் என்று ஓர் அட்டவணை போட்டிருப்பார்கள். இறந்த மாதத்துக்கு அந்த அட்டவணை என்ன சொல்கிறதோ அதுதான் கிடைக்கும். இவர் 7 சதவீதத்தில் 30 லட்சம் வாங்கியவர். ஐந்து வருடம் கழித்து அட்டவணைப்படி பாக்கி 25,88,000 ரூபாய் அளவில் இருக்க வேண்டும்.

நிஜக் கடன் அப்படிக் குறையவில்லை. 2022 மே மாதத்தில் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 ஆக உயர்த்தியது. மிதக்கும் வட்டியில் இருந்த வீட்டுக்கடன்கள் எல்லாம் கூடவே ஏறின. தவணையைக் கூட்டாமல் காலத்தை நீட்டிவிடுவது வங்கிகளின் வழக்கம் என்பதால் பலருக்கு இது உறைக்கவே இல்லை. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, இவருக்கு முதல் வருடம் 7, அடுத்த நான்கு வருடம் 9 சதவீதம், தவணை அதே 23,259 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடத்தில் அவர் கட்டியது கிட்டத்தட்ட 14 லட்சம். அசலில் குறைந்தது ஒன்றரை லட்சத்துக்கும் கொஞ்சம் கீழே. பாக்கி 28,54,000 ரூபாய்.

ஆகவே காப்பீட்டுப் பணம் வந்த பிறகும் இரண்டு லட்சத்து அறுபத்தாறாயிரம் ரூபாய் மிச்சம் நிற்கும். வேறு விதமான பள்ளங்களும் உண்டு. 20 வருடக் கடனுக்கு ஐந்து வருடத்துக்கு மட்டும் காப்பீடு எடுத்திருப்பார்கள். இருவர் பெயரில் கடன் என்றால் கணவருக்கு 60 சதவீதம், மனைவிக்கு 40 சதவீதம் என்று பிரித்திருப்பார்கள். கணவர் இறந்தால் 60 சதவீதம்தான் வரும். கடன் வேறு வங்கிக்கு மாற்றப்பட்டிருந்தால் பழைய காப்பீடு தொடர்கிறதா என்பதையும் தனியாக விசாரிக்க வேண்டும். எதிர்மாறாகவும் நடக்கலாம். அவ்வப்போது கூடுதலாகக் கட்டி அசலைக் குறைத்திருந்தால், அட்டவணைத் தொகை பாக்கியைவிட அதிகமாக இருக்கும். கடன் போக மீதி, நியமனதாரருக்கு வந்து சேர வேண்டும். இந்த மீதியைக் கேட்காமலே விட்டவர்கள் உண்டு.

கோரிக்கை மனுவோடு இறப்புச் சான்றிதழ், காப்பீட்டுச் சான்று, கடன் பாக்கி அறிக்கை, இறப்புக்கான காரணம் குறித்த மருத்துவச் சான்று, மருத்துவமனையில் இருந்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி ஆகியவை கேட்பார்கள். விபத்து என்றால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும். வங்கியே அனுப்பிவிடும் என்று சொன்னாலும், கொடுத்ததற்கு முத்திரையிட்ட ஒப்புகை வாங்கிக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் நேரடியாக ஒரு நகல் அனுப்புவது நல்லது. விசாரணை தேவைப்படாத இறப்புக் கோரிக்கையை 15 நாளிலும், விசாரணை தேவைப்பட்டால் 45 நாளிலும் முடிக்க வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024-ஆம் ஆண்டு விதி.

நிராகரிக்கச் சொல்லும் வழக்கமான காரணம், “சர்க்கரை இருந்ததை மறைத்துவிட்டார்” என்பது. பாலிசி எடுத்து மூன்று வருடம் ஆகிவிட்டால் எந்தக் காரணத்தைச் சொல்லியும் அதைக் கேள்விக்குள்ளாக்கக் கூடாது என்று காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு சொல்கிறது. நம் உதாரணத்தில் ஐந்து வருடம் ஆகிவிட்டது. அப்படியும் மறுத்தால், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணமும் வக்கீலும் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்து ஒரு வருடத்துக்குள் போய்விட வேண்டும்.

இதெல்லாம் நடக்கும்வரை தவணை என்ன ஆவது? வட்டி யாருக்காகவும் நிற்காது. 28,54,000 ரூபாய்க்கு 9 சதவீத வட்டி மாதம் 21,400 ரூபாய். தவணை தவறி 90 நாளைத் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். முடிந்தால் கட்டிவிடுவது நல்லது. வாரிசு ஒருவர் கடன் கணக்கில் பணம் கட்டுவதால் மட்டும் அவர் கடன்தாரர் ஆகிவிடமாட்டார். கட்டும்போது, “இறந்தவரின் கணக்கில், காப்பீட்டுக் கோரிக்கை நிலுவையில் இருக்கும் காலத்துக்காகக் கட்டுகிறேன், கூடுதல் வந்தால் திருப்பித் தர வேண்டும்” என்று ஒரு கடிதம் கொடுத்துவிடலாம். கட்ட முடியாவிட்டால், இறப்புச் சான்றிதழையும் காப்பீட்டு ஒப்புகையையும் இணைத்து மூன்று, நான்கு மாத அவகாசம் கேட்டு எழுத வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் வங்கிக்கு இல்லை. ஆனாலும் எழுத்தில் கேட்ட குடும்பத்தையும் போனை எடுக்காத குடும்பத்தையும் வங்கி ஒரே மாதிரி நடத்துவதில்லை.

இந்த இடத்தில் பலர் செய்வது, வருங்கால வைப்பு நிதிப் பணத்தை அப்படியே கொண்டுபோய்க் கடனில் கொட்டுவது. நியமனதாரருக்கு வரும் அந்தப் பணத்தின் மேல் இறந்தவரின் கடன்காரர்களுக்கு உரிமை இல்லை. அதோடு சேர்ந்த இ.டி.எல்.ஐ. காப்பீட்டில் அதிகபட்சம் 7 லட்சம் வரை கிடைக்கும். மனைவி, மக்கள் பெயரில் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்த ஆயுள் பாலிசியும் அப்படியே பாதுகாப்பானது. மகளின் படிப்புக்கு இருக்கும் பணத்தைக் கடனில் போடுவதா வேண்டாமா என்பது குடும்பம் நிதானமாக முடிவு செய்ய வேண்டியது. வங்கி அதைக் கேட்க முடியாது என்பது தெரிந்தால்தான் நிதானம் வரும்.

இனி, வீடு யாருடையது? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் இல்லாமல் இறந்த ஆணின் சுயசம்பாத்தியச் சொத்து மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் பிரியும். இங்கே நான்கு பேர், ஆளுக்குக் கால் பங்கு. மருமகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கும்போது தாயாருக்கும் பங்கு உண்டா என்று ஆச்சரியப்படுபவர்கள் நிறைய. உண்டு. தகப்பனார் உயிரோடு இருந்தால் அவருக்கு இந்த வரிசையில் பங்கில்லை. முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் பங்கு முறை வேறு. கடனுக்குப் போனதுதான் பங்கு என்பது எல்லோருக்கும் பொது.

வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்துத் தாசில்தாரிடம் வாங்க வேண்டும். வங்கி முதலில் கேட்பது இதைத்தான். கடன் கணக்கில் யாரைச் சேர்ப்பது என்ற பேச்சு இதற்குப் பிறகுதான். பாக்கி வெறும் இரண்டே முக்கால் லட்சம் என்றால் குடும்பம் அதைக் கட்டி முடித்துவிடலாம். மிதக்கும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கையில் பணம் இல்லையென்றால் மனைவி கடனை ஏற்றுக்கொண்டு சிறிய தவணையாக மாற்றிக் கேட்கலாம். இப்போது அந்தக் கையெழுத்தைப் போடலாம். எவ்வளவுக்குப் போடுகிறோம் என்று தெரியும்.

காப்பீடே இல்லை என்று வைத்துப் பார்த்தால் கணக்கு கடுமையாகிவிடுகிறது. 28,54,000 பாக்கி. மனைவிக்கு வேலை கிடைத்து 22,000 சம்பளம் வருகிறது என்றாலும் தவணையே அதைவிடப் பெரிது. அந்த வருமானத்துக்கு வங்கி அவரைக் கடன்தாரராக ஏற்காது. ஏற்றாலும் குடும்பம் தாங்காது. மகன் படிப்பை விட்டு வேலைக்குப் போகட்டும் என்று உறவினர்கள் சொல்வார்கள். வீட்டுக்கு 48 லட்சம் விலை போகும் என்றால், விற்றுக் கடனை அடைத்தால் 19 லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும். ஒரு வருடம் தள்ளிப்போட்டால் அதில் இரண்டரை லட்சம் வட்டியாகப் போயிருக்கும். இப்படிப்பட்ட கணக்கில் வீட்டை விடுவது தோல்வி இல்லை என்றே நான் சொல்வேன்.

அடமானத்தில் இருக்கும் வீட்டை விற்க முடியுமா என்றால், தினமும் விற்கிறார்கள். வங்கியிடம் கடன் முடிப்புத் தொகைக் கடிதமும், தங்களிடம் இருக்கும் பத்திரங்களின் பட்டியலும் வாங்க வேண்டும். வாங்குபவர் வங்கிக்குச் சேர வேண்டியதை நேராகக் கடன் கணக்கில் கட்டுவார். அவரும் கடனில் வாங்கினால் அவருடைய வங்கி கட்டும். பத்திரம் கைக்கு வந்ததும் மீதியை வாரிசுகளுக்குக் கொடுத்துவிட்டு எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டு விற்பனைப் பத்திரம் பதிவாகும்.

நம் குடும்பத்தில் சிக்கல் இங்கேதான் வருகிறது. மகளுக்குப் பதினைந்து வயது. மைனரின் அசையாச் சொத்தை, பெற்ற தாயே ஆனாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டம் சொல்கிறது. அனுமதியின்றி விற்றால் மகள் வயதுக்கு வந்த பிறகு அந்த விற்பனையை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். அதனால் விவரம் தெரிந்த எவரும் வாங்க முன்வர மாட்டார். மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, கடனைத் தீர்க்கத்தான் விற்கிறோம், இதனால் மகளுக்கு நன்மை என்று காட்டி அனுமதி வாங்க வேண்டும். மகளின் பங்கை அவள் பெயரில் வைப்புத்தொகையாகப் போடச் சொல்வது வழக்கம். இதற்கு மாதங்கள் ஆகும். விற்பது என்று தோன்றினால், வாங்குபவரைத் தேடும் முன்பே இந்த மனுவைத் தொடங்குவது நல்லது.

விற்காமல் வீட்டை மனைவி பெயருக்குக் கொண்டுவர நினைத்தாலும் இதே நிலைதான். தாயாரும் மகனும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். குடும்பத்தாருக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு 2023 ஜூலை முதல் முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக்கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். மூலப்பத்திரம் வங்கியில் இருப்பதால் அவர்களுடைய ஒப்புதலும் தேவை. மகளின் கால் பங்கு மட்டும் அவளுக்கு 18 ஆகும்வரை அப்படியே இருக்கும். தாயாரிடம் விடுதலை எழுதி வாங்கும்போது, அந்த மூதாட்டி கடைசிவரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையையும் பத்திரத்திலேயே எழுதிவிடச் சொல்வேன். வாய்ப்பேச்சு பதிவு அலுவலகத்தில் நிற்காது.

எதுவும் செய்யாமல் விட்டால் நடப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கணக்கு வாராக்கடன் ஆனதும் சர்ஃபாசி சட்டத்தின் 13(2) பிரிவில் 60 நாள் அறிவிப்பு வரும். அதற்கு ஆட்சேபம் எழுதினால் வங்கி 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் தர வேண்டும். காப்பீட்டுக் கோரிக்கை நிலுவையில் இருக்கிறது, பாக்கிக் கணக்கு தவறு, வாரிசுகளுக்கு முறையாகத் தெரிவிக்கவில்லை என்பவற்றை எல்லாம் அந்த ஆட்சேபத்தில்தான் பதிவு செய்ய வேண்டும். கெடு முடிந்த பிறகு வீட்டின் மேல் சுவாதீன அறிவிப்பு ஒட்டுவார்கள். அதை எதிர்த்துக் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்.

2016-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஏல அறிவிப்பு வெளியாகும் முன்பு முழுப் பாக்கியையும் கட்டினால்தான் வீட்டை மீட்க முடியும். ஏல நாள் வரை காலம் இருக்கிறது என்று நம்பி நகையை விற்று ஓடி வருபவர்கள் ஏமாந்து போகிறார்கள். 2023-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. ஏலத்தில் விலை பொதுவாகக் குறைவாகவே போகும். ஏலத்தொகையில் கடனும் செலவும் போக மீதி இருந்தால் அது வாரிசுகளுடையது. கணக்குக் கேட்டு வாங்க வேண்டும். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதி. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார்; 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்கு cms.rbi.org.in தளத்தில் அனுப்பலாம்.

நம் குடும்பத்துக்குக் காப்பீட்டுப் பணம் வந்து, மிச்சத்தையும் கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடன் பூஜ்ஜியம் என்ற கடிதத்தோடு வேலை முடியவில்லை. மூலப்பத்திரங்களை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வீதம் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 செப்டம்பரில் உத்தரவிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கடன்காரர் இறந்துவிட்டால் வாரிசுகளிடம் பத்திரத்தை ஒப்படைப்பதற்கான நடைமுறையை ஒவ்வொரு வங்கியும் வகுத்து, தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. பத்திரம் தொலைந்து போயிருந்தால் நகல் எடுக்கும் செலவும் வங்கியுடையது. அதற்கு அவர்களுக்குக் கூடுதலாக 30 நாள் உண்டு.

பத்திரங்களை வாங்கும்போது, கடன் கொடுத்த அன்று தந்த பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். தாய்ப்பத்திரம், அசல் விற்பனைப் பத்திரம், கட்டட அனுமதி வரைபடம் என எது குறைந்தாலும் அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பிறகு வங்கி அதிகாரி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து அடமானத்தை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தைப் பதிவு செய்துதர வேண்டும். பல குடும்பங்கள் பத்திரம் கைக்கு வந்த சந்தோஷத்தில் இதை விட்டுவிடுகின்றன. பத்து வருடம் கழித்து விற்கப் போனால் வில்லங்கச் சான்றில் பழைய கடன் அப்படியே நிற்கும். கடன் கொடுத்த கிளை அதற்குள் வேறொரு வங்கியோடு இணைந்திருக்கலாம், கோப்பும் எங்கோ போயிருக்கும். ரசீது பதிவான இரண்டு வாரத்தில் வில்லங்கச் சான்று ஒன்று எடுத்து, எம்.ஓ.டி. பதிவுக்குக் கீழே ரசீது பதிவும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால், வாரிசுச் சான்றிதழோடு பட்டா மாறுதலுக்கும் சொத்து வரிப் பெயர் மாற்றத்துக்கும் விண்ணப்பித்துவிடலாம். பட்டாவில் மகளின் பெயரும் மைனர் என்ற குறிப்போடு வர வேண்டும்.